ஆடியில் விற்ற ஃபேசியல், ஆவணியில் வரும் வாடிக்கையாளர்

தஞ்சாவூரில் நான் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் கடைகளில் ஒரு பியூட்டி பார்லரும் உண்டு. நான்கு நாற்காலி, இரண்டு ஃபேசியல் பெட், ஆறு பெண்கள் வேலை. ஆடி பிறந்தால் கல்யாணம் கிடையாது, அதனால் மணப்பெண் அலங்காரமும் கிடையாது. சும்மா இருக்கிற நாற்காலியை நிரப்ப அந்த அக்கா ஓர் ஆடிச் சலுகை போட்டார்: ஐந்து ஃபேசியலுக்குப் பணம் கட்டினால் ஆறாவது இலவசம். ஒரு ஃபேசியல் 1,500 ரூபாய். ஆறும் சேர்த்து 7,500. ஒரே மாதத்தில் நாற்பது பேர் வாங்கினார்கள். மூன்று லட்சம் ரூபாய். பில்லிங் மென்பொருள் மாத முடிவில் “விற்பனை 3,00,000” என்று காட்டியது. அக்கா அதை நம்பிப் புது ஏசி ஒன்றும், சாய்கிற நாற்காலி இரண்டும் வாங்கினார்.

ஆவணி பிறந்தது. முகூர்த்தக் கூட்டம் ஒரு பக்கம், ஆடியில் பேக்கேஜ் வாங்கியவர்கள் ஒரு பக்கம். கடையில் உட்கார இடமில்லை. “தம்பி, கடை முழுக்க ஆள் இருக்கு, கல்லாவுல மட்டும் பணம் இல்ல, யாராச்சும் எடுக்கிறாங்களா?” என்று என்னிடம் கேட்டார்.

அந்த மாதம் யாரும் எதையும் எடுக்கவில்லை. பணம் ஆடியிலேயே வந்து, ஏசியாகச் சுவரில் மாட்டியிருந்தது. நாற்பது பேருக்கு ஆறு வீதம் 240 சிட்டிங் விற்றிருந்தார். ஆடியில் ஆளுக்கு ஒன்று வீதம் நாற்பது முடிந்திருந்தது. ஒரு சிட்டிங்கின் உண்மையான விலை 7,500-ஐ ஆறால் வகுத்தால் 1,250 ரூபாய். ஆக, ஆடியில் அவர் உழைத்துச் சம்பாதித்தது 50,000 ரூபாய்தான். மீதி இரண்டரை லட்சம் வாடிக்கையாளர்களிடம் அவர் வாங்கிய கைமாற்று. அதை ஃபேசியலாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதை அவருடைய மென்பொருள் அவரிடம் சொல்லவே இல்லை.

பார்லருக்கு மென்பொருள் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் திரை அழகாக இருக்கிறதா, வாட்ஸ்அப்பில் பில் போகிறதா, மாதம் எவ்வளவு என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு முடித்துவிடுகிறார்கள். பில் அடிப்பது எல்லா மென்பொருளுக்கும் வரும். மளிகைக் கடை மென்பொருளிலும் பார்லர் பில் அடிக்கலாம். வித்தியாசம் தெரிவது பேக்கேஜில்தான். அதனால் நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் கடையில் அதிகம் விற்கிற ஒரு பேக்கேஜை எடுத்துக்கொள்ளுங்கள். விற்ற நிமிடத்திலிருந்து கடைசி சிட்டிங் வரை அது மென்பொருளுக்குள் எப்படிப் பயணம் செய்கிறது என்று பாருங்கள்.

முதலில் எது பேக்கேஜ் என்பதில் குழப்பம் வேண்டாம். வருடத்துக்கு இவ்வளவு கட்டினால் எல்லாவற்றிலும் பத்து சதவீதம் குறைவு என்றால் அது மெம்பர்ஷிப். வாடிக்கையாளர் வரும்போதெல்லாம் பணம் கொடுக்கிறார், கடைக்குப் பெரிய பாக்கி எதுவும் நிற்பதில்லை. ஆறு ஃபேசியல், எட்டு ஹேர் ஸ்பா என்று எண்ணிக்கையில் விற்றால் அது பேக்கேஜ். 10,000 கட்டினால் 12,500 ரூபாய்க்கு எந்தச் சேவையும் செய்துகொள்ளலாம் என்றால் அது ப்ரீபெய்ட், சிலர் வாலட் என்பார்கள். விற்பனைக்கு வருகிற ஆள் மூன்றையும் “எல்லாம் இருக்கு சார்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். பல மென்பொருளில் மூன்றுக்கும் அடியில் இருப்பது வெறும் தள்ளுபடிக் கட்டம்தான்.

வாலட்டில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 10,000 ரூபாய் 12,500 ஆகிறபோது, உள்ளே கிடக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் உண்மை மதிப்பு 80 காசு. அந்தப் பணத்தில் 1,500 ரூபாய் ஃபேசியல் செய்தால் கடைக்கு வந்தது 1,200 மட்டுமே. மென்பொருள் அதை 1,500 என்றே எழுதினால், வருமானமும் ஊக்கத்தொகையும் இல்லாத பணத்தின் மேல் ஓடும். டெமோவில் கேட்க வேண்டிய கேள்வி இது: வாலட்டிலிருந்து கழித்த பிறகு, வருமான ரிப்போர்ட்டில் 1,500 வருகிறதா, 1,200 வருகிறதா?

வரி விஷயம் சுருக்கமாக. 2025 செப்டம்பர் 22 முதல் அழகு நிலையச் சேவைகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பதிலுக்கு, கடைக்காகக் கட்டிய வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வசதி போய்விட்டது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டிய கடைகளுக்கு இது பொருந்தும். சேவைக்கு முன்பணம் வாங்கினால் வாங்கிய அன்றே வரிக் கடமை வந்துவிடுகிறது. ஆகவே நம்முடைய 7,500 ரூபாய் பேக்கேஜுக்கு 375 ரூபாய் வரி முதல் பில்லிலேயே விழ வேண்டும். பிறகு ஒவ்வொரு சிட்டிங்குக்கும் வரும் பில்லில் மறுபடி வரி போடக் கூடாது. போடுகிற மென்பொருளை நான் பார்த்திருக்கிறேன். எந்தச் சேவை என்றே முடிவாகாத வாலட் பணத்துக்கு வரி எப்போது என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் எந்த வழியைச் சொன்னாலும் அப்படி அமைக்க இடம் இருக்கிறதா என்று மென்பொருள்காரரிடம் கேளுங்கள். இன்னொன்று: மென்பொருள் சந்தாவுக்கு நீங்கள் கட்டும் 18 சதவீத வரியும் இனி திரும்ப வராது. 12,000 என்று சொன்னால் உங்கள் கையிலிருந்து போவது 14,160.

இனி, பார்லரில் சண்டை வருகிற இடத்துக்கு வருவோம். கமிஷன், பெண்கள் வாயில் இன்சென்டிவ்.

அக்காவின் கடையில் விதி எளிது. சேவை செய்கிறவருக்குப் பத்து சதவீதம். 1,500 ரூபாய் ஃபேசியல் செய்தால் 150. இது வாக்-இன் வாடிக்கையாளருக்குச் சரியாக ஓடியது. பேக்கேஜ் வந்ததும் கணக்கு உடைந்தது. ஏனென்றால் பணம் ஒரு நாள் வருகிறது, வேலை ஆறு நாள் நடக்கிறது. விற்றவர் ஒருவர், செய்கிறவர் இன்னொருவர். இன்சென்டிவ் யாருக்கு, எப்போது, எந்தத் தொகையின் மேல்?

முதலில் அவருடைய மென்பொருள் விற்ற அன்று மட்டும் கொடுத்தது. ரிசப்ஷனில் இருந்த பெண் பேக்கேஜை விற்றாள், 7,500-க்குப் பத்து சதவீதம், 750 ரூபாய் அவள் கணக்கில் ஏறியது. பிறகு வாடிக்கையாளர் சிட்டிங்குக்கு வந்தால் பில் பூஜ்யம். பூஜ்யத்தில் பத்து சதவீதம் பூஜ்யம். ஒரு மணி நேரம் நின்று முகத்தைத் தேய்த்த பெண்ணுக்கு ஒன்றும் இல்லை. பெண்கள் வெகுளிகள் இல்லை. பேக்கேஜ் வாடிக்கையாளர் போன் செய்தால் “இன்னைக்கு ரொம்ப கூட்டம்க்கா, வியாழக்கிழமை வாங்களேன்” என்றார்கள். வியாழக்கிழமையும் அதே பதில். முன்பணம் கொடுத்தவர்கள் கடை வாசலில் வந்து சத்தம் போட்ட பிறகுதான் அக்காவுக்கு விஷயம் தெரிந்தது.

உடனே மென்பொருள்காரரைக் கூப்பிட்டு, சிட்டிங்குக்கும் கமிஷன் வரும்படி மாற்றச் சொன்னார். அவரும் மாற்றிக் கொடுத்தார். ஆனால் மாற்றியது முழு விலையின் மேல். இப்போது விற்றவளுக்கு 750, ஆறு சிட்டிங்குக்கும் 150 வீதம் 900. மொத்தம் 1,650. கடைக்கு வந்த 7,500-இல் இது 22 சதவீதம். பத்து சதவீதம் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு இருபத்திரண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். இதில் யாருக்கும் புகார் இல்லாததால் நான்கு மாதம் யாரும் கவனிக்கவில்லை.

சரியான வழி, விற்பதற்கும் செய்வதற்கும் தனித்தனி விகிதம். விற்றவருக்கு மூன்று சதவீதம் என்று வைத்தோம்: 225 ரூபாய். செய்கிறவருக்குப் பத்து சதவீதம், ஆனால் வாடிக்கையாளர் உண்மையில் கொடுத்த 1,250-இன் மேல்: 125 ரூபாய். ஆறுக்கும் சேர்த்து 750. மொத்தம் 975, அதாவது 13 சதவீதம். வாக்-இன் ஃபேசியலுக்கு 150, பேக்கேஜ் ஃபேசியலுக்கு 125 என்ற வித்தியாசத்தைப் பெண்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டார். இருபத்தைந்து ரூபாய்க்காக யாரும் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பவில்லை.

ஆக, மென்பொருளில் பார்க்க வேண்டிய அமைப்பு இது: பேக்கேஜ் விற்பனைக்கு ஒரு விகிதம், சேவைக்கு ஒரு விகிதம், பொருள் விற்பனைக்கு ஒரு விகிதம். சேவைக்கான விகிதம் பட்டியல் விலையின் மேலா, தள்ளுபடி போன விலையின் மேலா, வரி சேர்த்தா, வரி நீங்கலாகவா என்று நீங்களே தேர்ந்தெடுக்க முடிய வேண்டும். ‘கமிஷன் வசதி உண்டு’ என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். பாதி இடங்களில் அது பில் தொகையின் மேல் ஒரே ஒரு சதவீதம்தான்.

ஒரே வேலையை இரண்டு பேர் செய்வதும் பார்லரில் சாதாரணம். ஸ்மூத்னிங் நான்கு மணி நேரம் போகும். ஒருத்தி கிரீம் போடுவாள், இன்னொருத்தி அயர்ன் பண்ணுவாள். ஒரு சேவை வரிக்கு இரண்டு பெயர் போட்டு, 60-40 என்று பிரிக்க முடியவில்லை என்றால் சீனியர் பெயரில் முழுத் தொகையும் போகும், ஜூனியர் இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போவாள். இதை டெமோவில் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும்.

அக்கா கேட்ட ‘யாராச்சும் எடுக்கிறாங்களா’ என்ற கேள்விக்கு ஆவணியில் பதில் ‘இல்லை’. வேறொரு கடையில் அதே கேள்விக்கு ‘ஆமாம்’ என்று சொல்ல வேண்டி வந்தது. அங்கே நடந்த விதம் பேக்கேஜுக்கே உரிய திருட்டு என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன்.

புதிதாக ஒரு பெண் வருகிறார், ஃபேசியல் செய்துகொள்கிறார், 1,500 ரூபாய் ரொக்கமாகக் கொடுக்கிறார், பில் கேட்காமல் போகிறார். கல்லாவில் இருப்பவர் அதைப் புது பில்லாகப் போடவில்லை. ஆறு மாதமாகக் கடைப் பக்கம் வராத ஒரு பேக்கேஜ் வாடிக்கையாளரின் பெயரைத் தேடி, அவர் கணக்கில் ஒரு சிட்டிங் கழித்துவிடுகிறார். ஃபேசியல் நடந்தது, கிரீம் செலவானது, செய்த பெண்ணுக்கு இன்சென்டிவும் வந்தது. ஸ்டாக்கும் சரி, சேவை எண்ணிக்கையும் சரி. ரொக்கம் மட்டும் பாக்கெட்டில். அந்த வாடிக்கையாளர் ஒருநாள் வந்து “எனக்கு இன்னும் நாலு இருக்கே” என்று சொல்லும்வரை இது தெரியாது. அப்போதும் ‘மேடம், நீங்க மறந்திருப்பீங்க’ என்று சமாளித்துவிடலாம்.

இதற்கு மருந்து ஒன்றுதான். ஒவ்வொரு முறை சிட்டிங் கழியும்போதும் அந்த வாடிக்கையாளரின் போனுக்குச் செய்தி போக வேண்டும்: இன்று ஒரு ஃபேசியல் கழிக்கப்பட்டது, மீதி மூன்று. இன்னும் நல்லது, ஓடிபி போட்டால்தான் கழியும் என்ற பூட்டு. எஸ்எம்எஸ் என்றால் அனுப்பும் பெயரையும் செய்தி வாசகத்தையும் முன்கூட்டியே டிஎல்டி தளத்தில் பதிவு செய்ய வேண்டும். அதை மென்பொருள்காரர் செய்து தருவாரா, நீங்களா என்று கேளுங்கள். வாட்ஸ்அப் என்றால் செய்திக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் வரும். அந்தச் செலவைப் பார்த்து இந்த வசதியை நிறுத்திவைக்கிற முதலாளிகளை எனக்குத் தெரியும். ஒரு ஃபேசியல் காணாமல் போனால் போகிற பணத்தை எத்தனை செய்தியால் வகுக்கலாம் என்று அவர்கள் யோசிப்பதில்லை.

கூடவே, வாடிக்கையாளரின் போன் எண்ணை மாற்றும் அதிகாரம் கல்லாவில் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணை மாற்றிவிட்டு ஓடிபியைத் தன் போனுக்கே வரவைத்தால் பூட்டு எதற்கு? எண் மாற்றம், காலாவதி நீட்டிப்பு, பில் ரத்து மூன்றும் முதலாளியின் பின் நம்பரில்தான் திறக்க வேண்டும். பில்லை அழிக்க வழியே இருக்கக் கூடாது. காரணம் எழுதி ரத்து செய்யலாம், ஆனால் அந்த எண் வரிசையில் நிற்க வேண்டும். பில் எண் விடுபடாமல் தொடர்ச்சியாக வர வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதியும்கூட.

ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். எழுபது ரிப்போர்ட், நூறு ரிப்போர்ட் என்று விளம்பரம் செய்கிறார்கள். சின்னப் பார்லரின் முதலாளி திறந்து பார்ப்பது மூன்றோ நான்கோ. தினமும் இரவில் வேண்டியது நாள் முடிப்பு: ரொக்கம் எவ்வளவு, யுபிஐ எவ்வளவு, கார்டு எவ்வளவு. அதே தாளில், இன்று வந்த பணத்தில் புது பேக்கேஜ் விற்றது எவ்வளவு, இன்று செய்த வேலையில் பழைய பேக்கேஜில் கழிந்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும். அந்தப் பிரிவு இருந்திருந்தால் ஆடி முடிவில் ‘வந்த பணம் 3,00,000, செய்த வேலை 50,000’ என்று இரண்டு வரி தெரிந்திருக்கும். ஏசி வாங்கும் யோசனை ஐப்பசிக்குத் தள்ளிப் போயிருக்கும்.

அதைவிட முக்கியமானது பேக்கேஜ் பாக்கி ரிப்போர்ட். யாருக்கு எத்தனை சிட்டிங் மீதி, ரூபாயில் எவ்வளவு, எந்தத் தேதியில் காலாவதி. இதில் ஒரு சோதனை செய்யலாம். அக்காவின் கடையில் ஆடி முடிவில் மீதி 200 சிட்டிங். ஆவணியில் புதிதாகப் பத்து பேக்கேஜ் விற்றார்கள், அது 60. கழிந்தது 90. ஊரை விட்டுப் போன ஒருவர் மீதி நான்கைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டார். 200-உம் 60-உம் கூட்டி, 90-உம் 4-உம் கழித்தால் 166. ஆவணி கடைசி நாள் நிலவரம் என்று ரிப்போர்ட் எடுத்தால் 166 வர வேண்டும். பல மென்பொருளில் ‘இந்த நிமிட’ நிலவரம் மட்டும்தான் கிடைக்கும், பழைய தேதிக்குத் திரும்பிப் போக முடியாது. அப்படியானால் எந்த மாதம் எங்கே ஓட்டை விழுந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை.

ஊழியர் ரிப்போர்ட் பில் வாரியாக வேண்டும். மாதம் 4,300 என்று ஒரே எண்ணாகக் கொடுத்தால் யாரும் ஏற்க மாட்டார்கள். எந்தத் தேதி, எந்த வாடிக்கையாளர், எந்த விலை, எத்தனை சதவீதம் என்று ஒவ்வொரு வரியாக இருந்தால், அந்தப் பெண்ணே தன் டைரியோடு ஒத்துப் பார்த்துக்கொள்வாள். ஆமாம், எல்லோரும் ஒரு குட்டி டைரி வைத்திருக்கிறார்கள்.

டெமோவுக்கு ஆள் வந்தால் அவரைப் பேச விடாதீர்கள். அவர் மடிக்கணினியில் உங்கள் பேக்கேஜைப் போடச் சொல்லுங்கள். நாங்கள் செய்தது இப்படி. ஆறு ஃபேசியல் பேக்கேஜை 7,500-க்கு விற்கச் சொன்னோம்; 5,000 இன்று யுபிஐயில், மீதி அடுத்த வாரம். ஒரு சிட்டிங்கை ஒருவர் பெயரிலும், இன்னொன்றை இரண்டு பேர் பெயரிலும் கழிக்கச் சொன்னோம். அதே வருகையில் பேக்கேஜில் இல்லாத ஐம்பது ரூபாய் திரெட்டிங் ஒன்றை ரொக்கத்தில் சேர்க்கச் சொன்னோம். பிறகு வாடிக்கையாளர் மனம் மாறிவிட்டார் என்று சொல்லிப் பணத்தைத் திருப்பச் சொன்னோம்.

அங்கேதான் முதல் ஆள் திணறினார். இரண்டு சிட்டிங் முடிந்தவருக்கு எவ்வளவு திருப்புவது? சலுகை விலையில் கழித்தால் 5,000. சலுகை போய்விட்டது, முழு விலை 1,500 வீதம் என்று கழித்தால் 4,500. எதைக் கொடுப்பது என்பது கடையின் கொள்கை. ஆனால் மென்பொருள் இரண்டில் ஒன்றையாவது செய்து, வரிக்குக் கிரெடிட் நோட் போட்டு, விற்றவளின் 225-இல் நடக்காத நான்கு சிட்டிங்குக்கான 150-ஐத் திரும்பக் கழிக்க வேண்டும். முதல் ஆளின் மென்பொருளில் பழைய பில்லையே ரத்து செய்வதுதான் ஒரே வழியாக இருந்தது. ரத்து செய்ததும் முடிந்துபோன இரண்டு சிட்டிங்கும் அவற்றின் இன்சென்டிவும் சேர்ந்து மறைந்தன. இரண்டாவது ஆள் சந்தா அதிகம் சொன்னார், திரையும் பழசு. ஆனால் இது நான்கும் அவரிடம் நடந்தது. அக்கா அவரிடம் வாங்கினார்.

வாங்கும் முன் நான் அவரை இரண்டு விஷயம் எழுதி வாங்கச் சொன்னேன். ஒன்று, சந்தாவை நிறுத்தினால் வாடிக்கையாளர் பட்டியலும் மீதி சிட்டிங் கணக்கும் எக்ஸெல் கோப்பாகக் கையில் வர வேண்டும். வெறும் பெயரும் போன் எண்ணும் போதாது. இரண்டாவது, பழைய பாக்கி சிட்டிங்கை ஆரம்ப இருப்பாக ஏற்றித் தர வேண்டும், அதற்கு மறுபடி விற்பனையோ வரியோ விழக் கூடாது.

அந்த ஏற்றுமதிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. பழைய மென்பொருளின் கணக்கை யாரும் நம்பவில்லை. ரிசப்ஷன் மேசையின் இழுப்பறையில் ஒரு நீலநிற நோட்டு இருந்தது. வாடிக்கையாளர் ஒவ்வொரு முறை வரும்போதும் அதில் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார்கள். மென்பொருள் 158 என்றது, நோட்டு 166 என்றது. அக்கா எட்டு பேருக்கும் அவரே போன் செய்து கேட்டார். எட்டு பேரும் நோட்டு சொன்னதையே சொன்னார்கள்.